தட்டணுக்கள் குறையவில்லை, ஆனால் ரத்தம் நிற்கவில்லை

டெங்குக் காய்ச்சல் நம் ஊர்களுக்குப் பழக்கமாகிவிட்ட நாள் முதலாகப் ‘பிளேட்லெட்’ என்ற சொல் கிராமத்துத் திண்ணை வரையில் வந்து சேர்ந்துவிட்டது. ரத்தத்தில் உள்ள அந்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்தால் ரத்தக் கசிவு உண்டாகும் என்பதும், ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் அவை ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தால் பயமில்லை என்பதும் இன்று எழுத்தறியாதவர்களுக்குக்கூடத் தெரிந்த சங்கதிகள். இந்த அறிவினால் அநேகம் பேர் தக்க சமயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் இதே அறிவு சில வீடுகளில் ஒரு பெண்ணின் வியாதியைப் பல வருஷங்கள் மறைத்து வைப்பதற்கும் காரணமாகிவிடுகிறது. அடிக்கடி மூக்கிலிருந்து ரத்தம் கொட்டுகிறது, மாதவிலக்கு நாட்களில் அளவுக்கு மீறிய போக்கு இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள். தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கும். “ரத்தத்தில் ஒரு கோளாறும் இல்லை” என்ற சமாதானத்துடன் காகிதத்தை மடித்து வைத்துவிடுவார்கள். ரத்தம் மட்டும் மறுமாதமும் அதேபோலப் போய்க்கொண்டிருக்கும்.

இவ்விதமான ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டு, அந்தக் காகிதத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று படிப்படியாகப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. இந்த வியாதியுள்ள பெண்கள் பலரின் கதையில் திரும்பத் திரும்ப வரும் விவரங்களைக் கூட்டி அமைத்த ஒருத்தி அவள். வயது பதினான்கு. பூப்பெய்தி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஐந்து வயது முதலே சில்லுமூக்கு உடைந்து ரத்தம் வருவது வழக்கம். உஷ்ண உடம்பு என்று சொல்லி, வீட்டார் தலைக்கு எண்ணெய் வைத்து, இளநீர் கொடுத்து வந்தார்கள். பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒரு நாள் மயங்கி விழுந்த பிறகுதான் பரிசோதனை நடந்தது. ஹீமோகுளோபின் 8.2 கிராம். தட்டணுக்கள் 2,60,000. ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் வழக்கமான இரண்டு சோதனைகளும் சரியான எல்லைக்குள் இருந்தன. இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, “வயசுக்கு வந்த புதிதில் இப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்” என்று சொல்லி அனுப்பினார்கள்.

அப்படிச் சொன்னதிலும் ஓர் உண்மை உண்டு. பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று வருஷங்களில் சினை முட்டை மாதந்தோறும் ஒழுங்காக வெளிப்படுவதில்லை. அதனால் கருப்பையின் உட்சவ்வு தடித்து, காலம் தப்பியும் அதிகமாகவும் போக்கு ஏற்படுவது மெய்தான். ஆனால் இந்தப் பெண்ணுக்கு மாதவிலக்கு இருபத்தெட்டு முப்பது நாளுக்கு ஒரு முறை தவறாமல் வந்தது. முதல் மாதத்திலிருந்தே அளவு மீறியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கருப்பைக்குச் சம்பந்தமே இல்லாத மூக்கிலிருந்தும் ரத்தம் வந்தது. ஒரே உடம்பில் இரண்டு இடங்களில் ரத்தம் நிற்காமல் போகுமானால், அந்த இரண்டு இடங்களையும் தனித்தனியே பழிப்பதைவிட, இரண்டுக்கும் பொதுவாக ஓடும் ரத்தத்தையே சந்தேகிப்பது நியாயம்.

கேள்விகளிலிருந்து தொடங்கும் பரிசோதனை

அந்தச் சந்தேகம் அடுத்ததாக அவளைப் பார்த்த ஒரு பெண் மருத்துவருக்கு எழுந்தது. அவர் புதிதாக ரத்தம் எடுக்கச் சொல்லவில்லை. நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“மாசத்துக்கு எத்தனை நாள் போகுதும்மா?”

“எல்லாருக்கும் போற மாதிரிதான், டாக்டர்.”

“எல்லாரும்னா யாரு?”

பெண் பதில் சொல்லாமல் தாயைப் பார்த்தாள். தாய் சொன்னாள்: “எனக்கும் அப்படித்தாங்க டாக்டரம்மா, ஒன்பது நாள் பத்து நாள் போகும். எங்கம்மாவுக்கும் அப்படித்தான். எங்க வீட்டு வாகு அது.”

இந்த வியாதி இத்தனை காலம் ஒளிந்திருப்பதன் ரகசியம் முழுவதும் அந்தத் தாயின் பதிலில் அடங்கியிருக்கிறது. பரம்பரையாக வரும் வியாதியாகையால், ஒரு வீட்டுப் பெண்கள் பலருக்கும் அது இருக்கிறது. பலருக்கும் இருப்பதனால், அதுவே இயல்பு என்று அந்த வீட்டில் நிலைத்துவிடுகிறது. தன் மாதவிலக்கை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தாயையும் பாட்டியையும் தவிர வேறு அளவுகோல் இல்லாத பெண், எதை மிகுதி என்று சொல்லுவாள்? ஆகவே “அதிகமாகப் போகிறதா?” என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை. எண்ணிச் சொல்லக்கூடிய விதத்தில் கேட்க வேண்டும்.

மருத்துவர் அவ்வாறே கேட்டார். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது? இரவில் எழுந்து மாற்றுவது உண்டா? பாவாடையிலும் படுக்கை விரிப்பிலும் கறை படிகிறதா? ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுகின்றனவா? பிறகு, அடுத்த மாதவிலக்கின்போது குறித்து வருவதற்காக ஓர் அட்டவணையைக் கொடுத்தார். லேசாக நனைந்த நாப்கினுக்கு 1, பாதி நனைந்ததற்கு 5, முழுவதும் ஊறியதற்கு 20 என்று அதில் மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் நூறைத் தாண்டினால், அந்த மாதத்தில் ஏறக்குறைய 80 மில்லி லிட்டருக்கு மேல் ரத்தம் போயிருக்கலாம் என்று கொள்வது மரபு. இந்தப் பெண் கொண்டு வந்த அட்டவணையில் முழுவதும் ஊறியவை 15, பாதி நனைந்தவை 8, லேசானவை 6. கூட்டினால் 346. எல்லாருக்கும் போகிற மாதிரிதான் என்று அவள் சொன்னது அந்த 346ஐத்தான்.

மூக்கைப் பற்றியும் அதே நிதானத்துடன் விசாரணை நடந்தது. கோடையில் என்றோ ஒரு நாள் மூக்கைக் குடைந்து இரண்டு சொட்டு வருவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இவளுக்கோ மாதம் ஒரு முறையாவது வந்தது. சரியாக அழுத்திப் பிடித்தும் பத்து நிமிஷத்துக்குள் நிற்கவில்லை. பால் பல் விழுந்தபோது தலையணை நனைந்தது, அடிபட்ட நினைவே இல்லாமல் தொடையில் நீலத் திட்டுகள் தோன்றி மறைவது முதலிய விஷயங்களும் கேட்கக் கேட்க வெளியே வந்தன. தாயின் பிரசவங்களைப் பற்றிக் கேட்டபோது, இரண்டாவது குழந்தை பிறந்து பத்து நாள் கழித்து ரத்தம் பெருகி, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள் என்றாள். இவை ஒவ்வொன்றும் தனியே அற்பமாகத் தோன்றலாம். ஒரே காகிதத்தில் வரிசையாக எழுதிப் பார்த்தால், இந்த ரத்தத்துக்கு நிற்கும் சக்தி குறைவு என்பதற்கு அவையே சாட்சியாகின்றன.

எண்ணிக்கை எதைச் சொல்லுவதில்லை

இனி, தட்டணுக்கள் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருந்தும் ரத்தம் ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கு வருவோம். ரத்தக் குழாயில் ஒரு சிறு கிழிசல் ஏற்பட்டவுடன் நடக்க வேண்டிய முதல் காரியம், தட்டணுக்கள் ஓடிக்கொண்டிருக்கும் ரத்தத்திலிருந்து விலகி வந்து அந்தக் கிழிசலில் ஒட்டிக்கொள்வது. குழாயின் உட்புறத் தோல் கிழிந்ததும் அதன் அடியிலுள்ள கொல்லாஜன் என்ற நார்ப்பொருள் வெளியே தெரியும். ஆனால் வேகமாக ஓடும் ரத்தத்தில் தட்டணு தானாக அந்த நாரைப் பற்றிக்கொள்ள இயலாது. அதற்கு ஒரு துணை வேண்டும். ஒரு முனையில் கொல்லாஜனையும் மற்றோர் இடத்தில் தட்டணுவையும் பிடித்து இணைக்கும் நீண்ட சங்கிலி போன்ற ஒரு புரதம் ரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. அதற்கு வான் வில்லிபிராண்ட் காரணி என்று பெயர். சாதாரணமாக அது சுருண்டு கிடக்கும். கிழிந்த இடத்தில் ஒட்டி, ஓட்டத்தின் வேகத்தினால் இழுபட்டு நீளும்போதுதான் தட்டணுக்களைப் பிடிக்கும் அதன் கைகள் வெளிப்படும்.

செங்கல் வேண்டிய மட்டும் குவிந்திருந்தும் சாந்து இல்லாவிட்டால் சுவர் எழும்பாது. ரத்த அணுக்களை எண்ணும் யந்திரமோ செங்கல்லை மாத்திரம் எண்ணுகிறது. ஆகையால் தட்டணு எண்ணிக்கை சரி என்ற விடை பொய்யன்று. அது வேறொரு கேள்விக்குரிய விடை. ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் சோதனைகளும் இந்தக் காரணியை நேராக அளப்பதில்லை. எட்டாவது உறை காரணி என்று ஒன்று உண்டு; ஹீமோபிலியா என்னும் வியாதியில் பெரும்பாலும் குறைவுபடுவது அதுதான். அதை ரத்தத்தில் அழியாமல் தாங்கிச் செல்வதும் வான் வில்லிபிராண்ட் காரணியே. தாங்குவது மிகவும் குறைந்தால் எட்டாவது காரணியும் குறைந்து உறையும் நேரம் நீளும். சற்றே குறைந்தால் அந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாது. பெரும்பாலான நோயாளிகள் இந்த இரண்டாவது வகுப்பில் இருப்பதனால், வழக்கமான பரிசோதனைகள் எல்லாம் சரி என்பது இந்த வியாதி இல்லை என்பதற்குப் பிரமாணம் ஆகாது.

ஏன் குறிப்பாக மூக்கும் கருப்பையும் என்று கேட்கலாம். இரண்டும் மெல்லிய ஈரச் சவ்வினால் ஆனவை. மேற்புறத்திலேயே ரத்தக் குழாய்கள் நிறைந்தவை. மேலும் உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் நொதிகள் இவ்விடங்களில் மிகுதியாகச் சுரக்கின்றன. இறுகாத கட்டி இங்கே சீக்கிரம் கரைந்துபோய்விடும். ஹீமோபிலியாவில் மூட்டுகளுக்குள் ரத்தம் கட்டுவது முக்கிய அடையாளம். இவ்வியாதியின் கடுமையான வகையைத் தவிர மற்றவற்றில் அது அரிது. சவ்வுகளில் கசிவதே இதன் சுபாவம்.

ஒரு தீவுச் சிறுமியிடமிருந்து

இந்தக் காரணிக்கும் வியாதிக்கும் தம் பெயரை ஈந்த எரிக் வான் வில்லிபிராண்ட் பின்லாந்து தேசத்து வைத்தியர். அத்தேசத்தைச் சேர்ந்த ஆலந்து தீவுக்கூட்டத்தில் போக்லோ என்ற இடத்திலிருந்து 1924-ஆம் ஆண்டு ஓர் ஐந்து வயதுச் சிறுமியை ஹெல்சிங்கியில் அவரிடம் கொண்டு வந்தார்கள். மூன்று வயதில் மேலுதட்டில் பட்ட ஒரு காயத்திலிருந்து மூன்று நாட்கள் ரத்தம் போய் உயிருக்கே ஆபத்தாகிப் பிழைத்த குழந்தை அவள். அவளுடைய சகோதரிகள் சிலர் ரத்தப் போக்கினாலேயே இளமையில் இறந்திருந்தார்கள். வான் வில்லிபிராண்ட் அந்தக் குடும்பத்தில் 66 பேரைப் பற்றிய விவரங்களைத் தேடிச் சேர்த்தார். அவர்களில் 23 பேருக்கு இந்தக் கோளாறு இருந்தது. தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தும், சிறு கீறலிலிருந்து வரும் ரத்தம் நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் மிக நீண்டிருந்தது. ஆண்களுக்கே பெரும்பாலும் வருவதாக அறியப்பட்ட ஹீமோபிலியா போலன்றி, இங்கே பெண்களும் துன்புற்றார்கள். 1926-இல் அவர் இதைப் ‘பரம்பரைப் போலி ஹீமோபிலியா’ என்ற பெயருடன் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அந்தச் சிறுமி பூப்பெய்தி, நான்காவது மாதவிலக்கின்போது ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள்.

குறை தட்டணுக்களில் இருக்கிறதா, ரத்தக் குழாயின் சுவரில் இருக்கிறதா என்பது நெடுநாள் தெளியவில்லை. 1950-களில் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள், பிறருடைய ரத்தத் திரவத்திலிருந்து பிரித்த ஒரு பகுதியை இந்நோயாளிகளுக்கு ஏற்றினால் ரத்தம் நிற்கிறது என்று கண்டார்கள். ஹீமோபிலியா உள்ளவரின் ரத்தத்திலிருந்து பிரித்ததும் அதே பலனைத் தந்தது. ஆக, இவர்களிடம் குறைவது எட்டாவது காரணியைத் தவிர வேறான ஒரு பொருள், அது ரத்தத் திரவத்தில் கரைந்து நிற்பது என்று அதனால் புலப்பட்டது. தட்டணுக்கள் குற்றமற்றவை என்ற தீர்ப்பு அங்கேயே கிடைத்துவிட்டது.

மூன்று எண்கள், இரண்டு பொறிகள்

இந்தக் காரணியை அறிவதற்கு மூன்று அளவுகள் வேண்டும். முதலாவது, அந்தப் புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது. இரண்டாவது, இருப்பது தட்டணுவைப் பிடிக்கும் தன் வேலையை எவ்வளவு செய்கிறது என்பது. மூன்றாவது, எட்டாவது காரணியின் அளவு. ஜனங்களின் சராசரியை 100 அலகு என்று வைத்துக்கொண்டு இவற்றைச் சொல்லுவார்கள். 50-க்கு மேல் இருப்பது பொதுவாகச் சரியான அளவு. சர்வதேச வல்லுநர் குழுக்கள் 2021-இல் கூடி வகுத்த நெறியின்படி, 30-க்குக் கீழே இருந்தால் ரத்தப் போக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வியாதி என்றே கொள்ளலாம்; 30-க்கு மேல் 50-க்குள் இருந்தால், இந்தப் பெண்ணைப் போல ரத்தப் போக்கின் சரித்திரமும் உடன் இருக்கும்போது வியாதி என்று நிர்ணயிக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்ட கேள்விகள் ஆய்வுக்கூடத்து எண்ணுக்கு அர்த்தம் கொடுப்பது இந்த இடத்தில்தான்.

இந்தப் பெண்ணுக்கு முதல் முறை சோதித்தபோது புரதத்தின் அளவு 58, வேலைத் திறன் 54 என்று வந்தது. காகிதத்தின் ஓரத்தில் ‘சரியான எல்லைக்குள்’ என்று அச்சாகியிருந்தது. அவசரப்பட்டவர்கள் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். ஆனால் ரத்தம் எடுத்த நாளில் அவள் கனத்த போக்குடன், காய்ச்சலுடன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் பயந்துகொண்டு படுத்திருந்தாள். வான் வில்லிபிராண்ட் காரணி உடம்பின் நெருக்கடிகளில் தானே ஏறும் சுபாவம் உடையது; காய்ச்சல், அழற்சி, பயம், கடுமையான உழைப்பு, அழுகை, கர்ப்பம், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகிய எதுவும் அதைத் தற்காலிகமாக உயர்த்திவிடும். ரத்தக் குழாய்களின் உட்சுவரில் சேமித்து வைத்திருக்கும் கையிருப்பை உடம்பு வெளியே விடுகிறது. வியாதி அதிகமாகத் தெரியும் நாளில் சோதனை பொய்யாகத் தேறிவிடுவது இதனால்தான். ஆகவே ஒரு முறை சரியாக வந்ததைக் கொண்டு சந்தேகத்தைக் கைவிடலாகாது. உடம்பு அமைதியாக இருக்கும் நாளில் திரும்பவும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது பொறி இதற்கு நேர் எதிரானது. இல்லாத வியாதியை இருப்பதாகக் காட்டுவது. சிறு ஊர்களில் இந்தச் சோதனை நடப்பதில்லை; ரத்தத்தைக் குழாயில் எடுத்துப் பெரிய நகரத்துக்கு அனுப்புகிறார்கள். கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் அதைப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்தால், முழு ரத்தம் குளிரும்போது இந்தக் காரணி அதிலிருந்து குறைந்துவிடும். ஆரோக்கியமான மனிதருக்குக்கூட அளவு தாழ்ந்து வரும். சிட்ரேட் அடங்கிய நீல மூடிக் குழாயில், கோடிட்ட அளவு வரை நிரப்பி, அறை வெப்பத்திலேயே வைத்து, நாலு மணி நேரத்துக்குள் சுழற்றித் திரவத்தைப் பிரித்து, பிரித்த திரவத்தைத்தான் உறையவைத்து அனுப்ப வேண்டும். அதற்கு வசதி இல்லாத ஊரானால், குழாயை அனுப்புவதைவிடப் பெண்ணையே ரத்தவியல் பிரிவுள்ள மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போவது மேல். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இதற்கென்றே தேர்ந்த ஆய்வுக்கூடம் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, காய்ச்சல் இல்லாத, மாதவிலக்கும் இல்லாத ஒரு நாளில், வந்து சேர்ந்த களைப்புத் தீரச் சற்று உட்கார வைத்த பிறகு, அவளுக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். புரதத்தின் அளவு 34; வேலைத் திறன் 31; எட்டாவது காரணி 56. அளவையும் திறனையும் ஒப்பிட்டால் இரண்டும் ஏறக்குறைய சமமாகத் தாழ்ந்திருக்கின்றன. அதாவது புரதம் நல்லதுதான், அளவில்தான் குறைவு. இது முதல் வகை. நோயாளிகளில் நால்வரில் மூவர் இவ்வகையினர். இதற்குப் பதிலாக அளவு 38 இருந்து திறன் 14 என்று வந்திருந்தால், திறன் அளவில் பாதியும் இல்லை; அப்போது புரதத்தின் அமைப்பிலேயே பழுது என்று கொண்டு, இரண்டாவது வகையின் உட்பிரிவுகளைத் தேட வேண்டியிருந்திருக்கும். புரதமே ஏறக்குறைய இல்லாதது மூன்றாவது வகை. போக்லோச் சிறுமிக்கு இருந்தது அதுவே. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்து சேர்ந்தால்தான் அது உண்டாகும் என்பதால், மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் குடும்பங்களில் அதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இந்தப் பெண் ஓ வகை ரத்தத்தினள். ஓ வகையினருக்கு இந்தக் காரணி மற்றவர்களைவிடக் கால் பங்கு அளவுக்கு இயற்கையிலேயே குறைவாக இருக்கும். அதைக் காரணம் காட்டி, அவளுக்கு இது சகஜம் என்று தள்ளிவிடலாகாது. எந்த வகை ரத்தமானாலும் குறைவு குறைவுதான் என்பது இன்றைய நெறி. மூன்று அளவுகளும் திரும்பத் திரும்பச் சரியாகவே வந்திருந்தால், அடுத்து ஆராய வேண்டியது தட்டணுக்களின் செயல் திறனை. எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒன்றோடொன்று ஒட்டாத தட்டணுக்கள் உடையவர்களும் உண்டு. அதற்குத் தனிச் சோதனை இருக்கிறது.

என்ன செய்யலாம், எதைச் செய்யலாகாது

நிர்ணயம் ஆனபிறகு சிகிச்சை அச்சமூட்டுவதாக இல்லை. மாதவிலக்கின் கனத்த நாட்களுக்கு டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை முதல் துணை. பெரும்பாலும் வேளைக்கு 1 கிராமாக நாளைக்கு மூன்று வேளை, நாலைந்து நாள் வரையில், வைத்தியரின் யோசனைப்படி கொடுப்பது. அது காரணியை உயர்த்துவதில்லை. உண்டான கட்டியைக் கரைக்கும் நொதியைத் தடுக்கிறது. கருப்பையும் மூக்கும் கரைக்கும் நொதிகள் மிகுந்த இடங்கள் என்று முன்பு கண்டோமே, அதனால்தான் இங்கே அது நன்றாக வேலை செய்கிறது. அதுவும் போதாவிட்டால் ஹார்மோன் மாத்திரைகள் உண்டு. கருத்தடைக்குக் கொடுப்பது என்ற பேச்சினால் மணமாகாத பெண்ணுக்கு அவற்றைக் கொடுக்கத் தாய்மார் கூசுவது இயல்பு. இங்கே அது ரத்தத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து என்பதை வைத்தியர் நின்று நிதானமாக விளக்க வேண்டும்.

டெஸ்மோபிரெஸ்ஸின் என்ற மருந்து உடம்பின் சேமிப்பிலிருக்கும் காரணியை வெளியே வரவழைப்பது. 1977-இல் இத்தாலிய வைத்தியர்கள் இதற்கு இதைக் கையாண்டு காட்டினார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிப்பதில்லை ஆகையால் முன்கூட்டியே ஒரு முறை கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். எடை ஒரு கிலோவுக்கு 0.3 மைக்ரோ கிராம் கணக்கு. 42 கிலோ உள்ள இவளுக்கு ஏறக்குறைய 12.5 மைக்ரோ கிராம் அரை மணி நேரம் நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றி, ஒரு மணி நேரத்திலும் நாலு மணி நேரத்திலும் அளந்தார்கள். 31-ஆக இருந்த திறன் 92-க்கு ஏறி, நாலு மணியில் 75-இல் நின்றது. இனிப் பல் பிடுங்க நேர்ந்தால் இவளுக்கு இதுவே போதும். ஆனால் இந்த மருந்து சிறுநீரைத் தடுத்து நிறுத்துவது. ஏற்றிய ஒரு நாள் முழுவதும் தண்ணீர் குடிப்பதை அளவாக வைத்துக்கொள்ளாவிட்டால் ரத்தத்தில் உப்புக் குறைந்து வலிப்பு வரலாம். அடுத்தடுத்த நாட்களில் திரும்பக் கொடுத்தால் கையிருப்புத் தீர்ந்து பலனும் குறையும். பெரிய அறுவைச் சிகிச்சைக்கும், மருந்து பலிக்காதவர்களுக்கும் காரணியையே செறிவாக்கி ஏற்றுவதுதான் வழி.

செய்யலாகாதவை சில உண்டு. மாதவிலக்கு வலிக்கு நம் வீடுகளில் கைமருந்து போலவே வாங்கிக் கொடுக்கும் மெஃபெனமிக் அமில மாத்திரையும், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் ஆகியவையும் தட்டணுக்களின் ஒட்டும் திறனைக் கெடுப்பவை. ஏற்கனவே ஒட்டுவதற்குத் துணை குறைந்திருக்கும் இவளுக்கு அவை ஆகாது. வலிக்குப் பாரசிட்டமால் போதும். சில்லுமூக்கு உடைந்தால் தலையைப் பின்னால் சாய்க்கும் வழக்கத்தை விட்டு, உட்கார வைத்துத் தலையை முன்னால் குனியச் செய்து, மூக்கின் எலும்பு முடியும் இடத்துக்குக் கீழேயுள்ள மெல்லிய பகுதியை இரு விரலால் நெருக்கிப் பத்துப் பதினைந்து நிமிஷம் விடாமல் பிடிக்க வேண்டும்; நடுவில் நின்றதா என்று திறந்து பார்க்கலாகாது. பின்னால் சாய்த்தால் ரத்தம் வயிற்றுக்குள் இறங்கி வாந்தி வரும். போன அளவும் தெரியாது.

இரும்புச் சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவளுடைய இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6 மட்டுமே இருந்தது. முதலில் கொடுத்த மாத்திரை பலிக்காமல் போனதற்கு மாத்திரை காரணமன்று. மாதந்தோறும் போவது வருவதைவிட அதிகமாக இருந்தது. போக்கைக் கட்டுப்படுத்திய பிறகு அதே மாத்திரையில் நாலு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.8 ஆயிற்று, அதன் பிறகும் சேமிப்பு நிரம்புவதற்காக மேலும் மூன்று மாதம் தொடரச் சொன்னார்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்க முடியாமல் விழுந்த பெண் இப்போது மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை என்கிறாள்.

மீதி இருப்பது அவளுடைய தாயின் காரியம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து குழந்தைகளில் ஆண், பெண் இருபாலாருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் செல்லக்கூடியது இது. எனவே பெண்ணின் தம்பிக்கும் தாய்க்கும் சோதனை செய்யச் சொன்னார் மருத்துவர். தாய்க்கு வயது முப்பத்தெட்டு. மாதந்தோறும் பெருகும் போக்குக்குக் கருப்பையை எடுத்துவிடுவதே வழி என்று வேறோர் இடத்தில் சொல்லி, தேதியும் குறித்திருந்தார்கள். ஸ்கேனில் கட்டி ஏதும் தெரியவில்லை. இந்நிலையில் அந்த அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால், நோயுள்ள ரத்தத்தை விட்டுவிட்டு நோயில்லாத உறுப்பை எடுப்பதாகும். ரத்தம் நிற்காது என்று யாருக்கும் தெரியாமலே கத்தி வைப்பதும் ஆகும். அவளுடைய அளவு 37 என்று வந்தது. அறுவைச் சிகிச்சையைத் தள்ளி வைத்து, மகள் சாப்பிடும் அதே மாத்திரையைக் கனத்த நாட்களில் சாப்பிடத் தொடங்கினாள்; ஹார்மோன் பொதிந்த கருப்பைச் சாதனத்தைப் பொருத்திக்கொள்வதைப் பற்றியும் மருத்துவரிடம் பேசி வருகிறாள்.

ஆகவே, மாதவிலக்கு மிகுந்தும் மூக்கில் ரத்தம் அடிக்கடி வந்தும் அவதிப்படும் பெண்ணைக் கொண்ட ஒவ்வொரு வீட்டாரும், தட்டணு எண்ணிக்கை சரி என்ற காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே வைத்தியரை ஒரு கேள்வி கேட்கலாம்: “வான் வில்லிபிராண்ட் காரணியின் அளவையும் திறனையும் பார்த்தாயிற்றா? உடம்பு நன்றாக இருக்கும் நாளில் பார்த்தீர்களா?” அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை மகளுக்காக வந்த தாய்க்கு உண்டு, தனக்காகக் கேட்கும் உரிமையும் அவளுக்கு உண்டு.